இருபது சதவீதம், எதில்?

தள்ளுபடிக் கணக்கு தொடங்கும் அன்று எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதும் முதல் கணக்கு இது: 20 சதவீதத் தள்ளுபடி போக ஒரு சட்டை 960 ரூபாய். தள்ளுபடிக்கு முன் அதன் விலை என்ன?

பெரும்பாலான நோட்டுகளில் 1,152 என்றிருக்கும். 960இல் 20 சதவீதம் 192, இரண்டையும் கூட்டினால் 1,152. பெருக்கலிலும் பிழையில்லை, கூட்டலிலும் இல்லை. அதனால்தான் சிவப்பு மையால் அடித்துவிட்டு 1,200 என்று எழுதிக்கொடுப்பதில் பயன் இருப்பதில்லை. பிள்ளை விடையை மாற்றிக்கொள்ளும். அது நினைத்த விதம் அப்படியே இருக்கும்.

ஓரிருவர் 980 என்று எழுதியிருப்பார்கள். இது வேறு பிழை. அவர்கள் 20 சதவீதத்தை 20 ரூபாயாகவே எடுத்துக்கொண்டவர்கள். நூறு ரூபாயை வைத்தே எடுத்துக்காட்டு சொல்லிவந்தால் இந்தப் பிழை வெளியே தெரியாது. நூறில் மட்டும் சதவீதமும் ரூபாயும் ஒன்றாகிவிடும். அவர்களுக்கு 50 ரூபாயிலும் 400 ரூபாயிலும் 20 சதவீதம் எவ்வளவு என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

1,152 எழுதியவரிடம் நான் தப்பு என்று சொல்வதில்லை. "கடைக்காரர் நீதான். 1,152 ரூபாய்ச் சட்டைக்கு 20 சதவீதம் குறைச்சுக் கொடு" என்பேன். குறைப்பது 230 ரூபாய் 40 காசு, மீதி 921 ரூபாய் 60 காசு. "சார், 960 வரலையே!" என்று பிள்ளையே சொல்லும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

பிறகு ஒரு நீளப் பட்டை வரைந்து பத்துக் கட்டமாகப் பிரிக்கிறோம். பட்டை முழுவதும் பழைய விலை. அதை முதலிலேயே மேலே எழுதிவிட வேண்டும். தள்ளுபடிக்கு இரண்டு கட்டத்தை அழித்தால் எட்டு மிஞ்சும். 960 ரூபாய் இந்த எட்டுக் கட்டத்துக்கு. ஒரு கட்டம் 120, பத்துக் கட்டம் 1,200. கடைக்காரர் குறைத்தது பழைய விலையில் 20 சதவீதம். பிள்ளை கூட்டியது புது விலையில் 20 சதவீதம். பட்டையைப் பார்த்ததும் இது புரிந்துவிடுகிறது. 17 சதவீதம் போன்றவற்றுக்குப் பட்டை உதவாது. அங்கே மிஞ்சியது நூற்றில் 83 பங்கு என்று கொண்டு, 960ஐ 83ஆல் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். பட்டையில் தெளிந்த பிள்ளைக்கு இந்த வழி புதிதாகத் தோன்றாது.

500 ரூபாயை 20 சதவீதம் ஏற்றி, பின் 20 சதவீதம் இறக்கினால் பழையபடி 500 என்று சொல்வதும் இதே பிழைதான். ஏற்றியது 500இல், இறக்கியது 600இல், வருவது 480.

இப்போது என் வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கணக்கில் % குறி வரும் இடத்திலெல்லாம் 'எதில்?' என்று பென்சிலால் மேலே எழுதி, பதிலையும் பக்கத்திலேயே எழுதிய பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.