கணக்குத் தெரியும், கேள்விதான் விளங்கவில்லை

கடந்த வருடம் தரம் 10 மாணவர்களுக்குத் தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரித்தபோது பின்னம் தொடர்பாக ஒரு வசனக் கணக்கைச் சேர்த்திருந்தேன். அது இதுதான்:

"ஒருவர் தனது மாத வருமானத்தின் 1/4 பங்கை வீட்டு வாடகைக்காகவும் எஞ்சியதன் 3/5 பங்கை உணவுக்காகவும் செலவிட்டு மிகுதியைச் சேமிக்கிறார். உணவுக்காகச் செலவிட்ட தொகை வீட்டு வாடகையை விட ரூபா 14,000 இனால் கூடியதெனின், அவர் மாதமொன்றில் சேமிக்கும் தொகை யாது?"

வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த ஒரு மாணவன் இதற்கு 40,000 ரூபா என்று விடை எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தான். அவன் செய்கையைப் பார்த்தேன். 3/5 இலிருந்து 1/4 ஐக் கழித்திருக்கிறான். பொதுப் பகுதியெண் 20, விடை 7/20. அதனை 14,000 ரூபாவுக்குச் சமப்படுத்தி, 1/20 பங்கு 2,000 என்றும் முழு வருமானம் 40,000 என்றும் எடுத்திருக்கிறான். பின்னக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் விடை பிழை.

வினாத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் என்னிடம் வந்தான். "சேர், விடை மிச்சமில்லாம சரியா வந்திச்சே" என்றான். கேள்வியை வாசிக்கச் சொன்னேன். தடங்கலில்லாமல் வாசித்தான். "இதுல என்ன மகன் கேட்டிருக்கு?" என்றேன்.

"வருமானம் சேர்."

"எந்த இடத்துல வருமானம் கேட்டிருக்கு?"

தாளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "சேமிப்புத்தான் சேர் கேட்டிருக்கு. ஆனா இப்படிக் கணக்குல எப்பயும் வருமானம்தானே கேப்பாங்க" என்றான்.

அந்தப் பதிலில்தான் முழு விடயமும் இருக்கிறது. அவன் என் கேள்விக்கு விடை எழுதவில்லை. இதற்கு முன் செய்த வேறொரு கேள்விக்கு விடை எழுதியிருக்கிறான். இதில் அவனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் கலாசாலையிலிருந்து வெளியேறிய ஆரம்ப வருடங்களில் நானும் கரும்பலகையில் ஒரு அட்டவணை எழுதிப் போடுவேன். "மொத்தம்" என்றால் கூட்டல், "மீதி" என்றால் கழித்தல், "கூடுதல்" என்றால் கூட்டல், "பங்கிடல்" என்றால் வகுத்தல். பிள்ளைகளும் ஆசையாக மனனம் செய்வார்கள். கேள்வியை வாசிக்காமலேயே விடை எழுத நான்தான் அவர்களைப் பழக்கியிருக்கிறேன் என்பது பின்னர்தான் விளங்கியது.

அந்த அட்டவணை எங்கே கவிழ்க்கும் என்பதற்கு ஒரு சிறிய உதாரணம் போதும். "ஸைனபிடம் 12 கொய்யாப்பழங்கள் உள்ளன. இது நஸ்ரினிடம் உள்ளதை விட 5 கூடுதலாகும். நஸ்ரினிடம் எத்தனை பழங்கள் உள்ளன?" அட்டவணையை நம்பிய பிள்ளை "கூடுதல்" என்ற சொல்லைக் கண்டவுடன் 17 என்று எழுதும். உண்மையில் கூடுதலாக இருப்பது ஸைனபிடம்தான். நஸ்ரினிடம் இருப்பது 7. சொல் ஒன்றுதான். ஆனால் யாரிடம் கூட, யாரிடம் குறைய என்பதை வசனம்தான் சொல்கிறது, தனிச் சொல் சொல்வதில்லை.

இப்போது நான் வகுப்பில் செய்வது வேறு. ஒரு வசனக் கணக்கை மூன்று தடவை வாசிக்கச் சொல்கிறேன். ஆனால் ஒரே மாதிரி மூன்று தடவை அல்ல. ஒவ்வொரு வாசிப்பிலும் தேடுவது வேறு.

முதல் வாசிப்பில் எண்களை மறந்துவிட வேண்டும். எண் வரும் இடத்தில் "கொஞ்சம்" என்று வாசிக்கலாம். "ஒருவர் வருமானத்தில் கொஞ்சம் வாடகைக்குக் கொடுக்கிறார், எஞ்சியதில் கொஞ்சம் சாப்பாட்டுக்குச் செலவழிக்கிறார், மிச்சத்தைச் சேமிக்கிறார்." எண்கள் கண்ணில் பட்டவுடன் கை கணக்குச் செய்யத் தொடங்கிவிடும். எண்களை மறைத்தால் கதை மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது வாசிப்பு கடைசி வசனத்துக்கு. தமிழில் இது நமக்கு ஒரு வசதி. கேள்விச் சொல் பெரும்பாலும் வசனத்தின் கடைசியில் வரும். "யாது", "எவ்வளவு", "காண்க" என்ற சொல்லைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். நமது கணக்கில் "சேமிக்கும் தொகை யாது" என்று இருக்கிறது. ஆனால் இதே வசதியில் ஒரு சிக்கலும் உண்டு. "எனின்", "ஆயின்" என்று முடியும் நிபந்தனையும் அதே வசனத்திலேயே முன்னால் வந்து நிற்கும். பிள்ளை அந்த நிபந்தனையில் உள்ள 14,000 ரூபாவில் மாட்டிக்கொண்டு, கேள்வியை அடையும் முன்பே கணக்கில் இறங்கிவிடுகிறது. அதனால் "எனின்" என்ற சொல்லில் ஒரு கோடு போட்டு வசனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். கோட்டுக்கு முன்னால் இருப்பது தரப்பட்டது. பின்னால் இருப்பது கேட்கப்பட்டது.

கேட்கப்பட்டதைக் கண்டவுடன், கணக்குச் செய்யும் முன்பே, விடை வசனத்தை இடைவெளி விட்டு எழுத வேண்டும்: "அவர் மாதமொன்றில் சேமிக்கும் தொகை ரூபா ............". இந்த ஒரு வரி தாளில் இருந்தால், வருமானத்தைக் கண்டுபிடித்த இடத்தில் பிள்ளை நின்றுவிடாது. இடைவெளி இன்னும் வெறுமையாக இருப்பது கண்ணில் படும்.

மூன்றாவது வாசிப்பு எண்களுக்கானது. ஒவ்வொரு எண்ணிடமும் "நீ எதனுடைய பங்கு?" என்று கேட்க வேண்டும். 1/4 எதனுடையது? வருமானத்தினுடையது. 3/5 எதனுடையது? வருமானத்தினுடையது அல்ல, எஞ்சியதனுடையது. என் மாணவன் விட்டுவிட்ட சொல் இதுதான். 14,000 எது? வாடகையும் அல்ல, உணவும் அல்ல, இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். "வாடகையை விட" என்று இருப்பதால் வாடகைதான் சிறியது. "ஐ விட" என்பதோடு சேர்ந்து வரும் பொருளையும், "கூடியது" என்பதையும் சேர்த்துப் பார்த்தே எது பெரியது என்று முடிவு செய்ய வேண்டும்.

இதன் பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வீட்டில் பேசுகிற பேச்சில் கணக்கைச் சொல்லச் சொல்கிறேன். "எஞ்சியதன்", "மிகுதி", "எனின்", "யாது" எல்லாம் நாம் வீட்டில் பேசும் சொற்களல்ல. பிள்ளை அவற்றை வாசிக்கும், ஆனால் அது காதுக்குள் போகாது. அந்த மாணவனையும் அப்படிச் சொல்லச் சொன்னேன். இரண்டு தரம் தடுமாறி, மூன்றாம் தரம் இப்படிச் சொன்னான்: "சம்பளத்தை நாலாப் பிரிச்சு ஒரு பங்கு வாடகை. மிச்சத்தை அஞ்சாப் பிரிச்சு மூணு பங்கு சாப்பாடு. சாப்பாட்டுக்கு வாடகைய விட பதினாலாயிரம் கூடப் போகுது. கடைசியா எவ்வளவு மிஞ்சுது?"

"மிச்சத்தை" என்று சொல்லும்போதே அவன் முகம் மாறியது. பிழை எங்கே என்று நான் சொல்லவில்லை.

பிறகு பெட்டி வரைந்தோம். நாலாகவும் ஐந்தாகவும் பிரிக்க வேண்டியிருப்பதால் வருமானத்தை 20 சின்னப் பெட்டிகளாக எடுத்தோம். வாடகை அதில் கால் பங்கு, 5 பெட்டி. மிச்சம் 15 பெட்டி. அதை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு 3 பெட்டி, ஆகவே உணவுக்கு 9 பெட்டி. சேமிப்புக்கு 6 பெட்டி. உணவு வாடகையை விட 4 பெட்டி கூட. அந்த 4 பெட்டிதான் 14,000 ரூபா. அப்படியென்றால் ஒரு பெட்டி 3,500. சேமிப்பு 6 பெட்டி, 21,000 ரூபா. முதலில் எழுதி வைத்த இடைவெளியில் அதை நிரப்பினான்.

விடை கிடைத்த பிறகு முதற் கேள்வியை இன்னொரு தடவை வாசித்துப் பார்ப்பது அவசியம். ஏனென்றால் சொந்தப் பேச்சில் சொல்லும்போதும் ஒரு சொல் தவறிப் போகலாம். வருமானம் 20 பெட்டி, 70,000. வாடகை 17,500, மிச்சம் 52,500, அதில் 3/5 பங்கு 31,500. வித்தியாசம் 14,000. கேள்வியோடு பொருந்துகிறது. அவனுடைய பழைய 40,000 ஐ இப்படிப் போட்டுப் பார்த்தால் வாடகை 10,000, மிச்சம் 30,000, உணவு 18,000. வித்தியாசம் 8,000 தான் வருகிறது. விடை மிச்சமில்லாமல் வந்தது என்பது விடை சரி என்பதற்கு அத்தாட்சி அல்ல.

இது எல்லாப் பிள்ளைக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. 1977 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆன் நியூமன் என்ற கல்வியாளர், வசனக் கணக்கில் பிழை விடும் பிள்ளையிடம் ஐந்து விடயங்களை வரிசையாகக் கேட்கும் முறை ஒன்றை முன்வைத்தார். கேள்வியை வாசி, என்ன கேட்டிருக்கிறது சொல், எப்படிச் செய்யப் போகிறாய் சொல், செய்து காட்டு, விடையை எழுது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் உதவி தேவை. என் மாணவன் இரண்டாவது படியில் விழுந்தான். 15 இல் 3/5 பங்கு எவ்வளவு என்பதே தெரியாத பிள்ளை நான்காவது படியில் விழும். அந்தப் பிள்ளையை மூன்று தடவை வாசிக்க வைத்துப் பயனில்லை, பின்னத்தைத்தான் திரும்பப் படிப்பிக்க வேண்டும்.

பெற்றோர் பலர் "எங்களுக்குக் கணக்குத் தெரியாது சேர், எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு படிக்கும் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. உம்மா சமைத்துக்கொண்டே கேட்கலாம்: "கொப்பியப் பாக்காமச் சொல்லு, என்ன கேட்டிருக்கான்?" பிள்ளை சொல்வதைக் கேட்டு உங்களுக்குக் கதை விளங்கினால், பிள்ளைக்கும் விளங்கியிருக்கிறது. உங்களுக்கு விளங்காவிட்டால் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள்.

அந்த மாணவன் இப்போது தரம் 11. அண்மையில் அவனுடைய கொப்பியைத் திருத்தினேன். ஒரு கணக்கைச் செய்யத் தெரியாமல் அரைவாசியில் விட்டிருந்தான். ஆனால் செய்கைக்கு மேலே, இடைவெளி விட்ட விடை வசனம் சரியாக எழுதப்பட்டிருந்தது. விடை தெரியாவிட்டாலும் கேள்வி என்ன என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மீதியை நான் சொல்லிக் கொடுக்கலாம்.