ராத்திரியில் காது இரைந்தால்

பகலில் தெரியாத காது இரைச்சல் விளக்கை அணைத்ததும் பெரிதாகக் கேட்கும். இரைச்சல் கூடிவிடவில்லை, அதை அமுக்கி வைத்திருந்த தெருச்சத்தம் அடங்கிவிட்டது, அவ்வளவுதான். பலருக்கு இது செவித்திறன் குறைவோடு சேர்ந்தே வருகிறது.

ஆகவே படுக்கையறைக்கு முழு அமைதி ஆகாது. மின்விசிறி ஓசையோ, கைபேசியில் மழைச் சத்தமோ போதும். பேச்சு வேண்டாம், மனம் அதன் பின்னாலேயே போய்விடும். இரைச்சலை முழுதாக மூழ்கடிக்கவும் வேண்டாம். ஒலியை மெல்லக் கூட்டிக்கொண்டே போய், இரண்டும் கலந்து கேட்கும் இடத்தில், இரைச்சலுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். இயர்போனைவிடத் தலைமாட்டில் சின்ன ஸ்பீக்கர் நல்லது. நடுராத்திரியில் விழிப்பவர்கள் டைமர் வைக்காமல் விடியும்வரை ஓடவிடலாம்.

இது இரைச்சலைக் குணப்படுத்தாது, தூங்கத்தான் உதவும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடியோடு சேர்ந்து துடித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரெனக் காது கேட்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும்.