கேள்வியின் கடைசிச் சொல்

யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆனால் பொது அறிவுத் தாள்களில் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகும். மூன்று மணி நேரத்தில் 20 கேள்விகள். ஒன்றுக்குச் சராசரியாக 9 நிமிடம். இந்த அவசரத்தில் பலர் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் நிற்கும் டிஸ்கஸ், அனலைஸ், எவாலுவேட் என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள்.

தேர்வுக்குத் தயாராகும் ஒரு தம்பி தன் பயிற்சித் தாளைக் காட்டினார். தமிழ்நாட்டின் பள்ளி உணவுத் திட்டத்தை மதிப்பிடச் சொன்ன கேள்வி அது. 1956-இல் காமராஜர் தொடங்கியது, 1982-இல் எம்.ஜி.ஆர். பெரிதாக விரித்தது, 2022-இல் காலை உணவு வந்தது என்று வரிசையாக எழுதியிருந்தார். தகவலில் பிழையில்லை. ஆனால் மதிப்பெண் பாதிகூட வரவில்லை. "எல்லாம் சரியாத்தானே அண்ணா எழுதியிருக்கேன்?" என்றார். சரிதான், ஆனால் அது 'விவரிக்க' என்ற கேள்விக்கு உரிய விடை.

அதே திட்டத்தை விவாதிக்கச் சொன்னால், ஒன்றுக்கு மேற்பட்ட தரப்புகள் விடையில் பேச வேண்டும். பசியோடு வந்த பிள்ளை பாடத்தில் கவனம் செலுத்துகிறது என்பது ஒரு தரப்பு. அந்தப் பணத்தை வகுப்பறைக்கும் ஆசிரியருக்கும் செலவிட்டிருக்கலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் மோதவிட்டு, எது எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்ட வேண்டும்.

பகுத்தாயச் சொன்னால் வேலை வேறு. ஒரு வேளைச் சோறு எப்படிப் பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்துவருகிறது என்று கண்ணி கண்ணியாகப் பிரிக்க வேண்டும். வீட்டில் ஒரு சாப்பாட்டுச் செலவு குறைகிறது; பிள்ளையை வேலைக்கு அனுப்பும் நெருக்கடி தளர்கிறது; மதியம் வீட்டுக்குப் போனவன் திரும்பாமல் இருப்பதும் நிற்கிறது. தீர்ப்பு இங்கே அவசியமில்லை, காரண காரியம்தான் முக்கியம்.

மதிப்பிடுவதுதான் மூன்றிலும் கடினம். முதலில் அளவுகோலைச் சொல்ல வேண்டும்: பசியைப் போக்கியதா, வருகையைக் கூட்டியதா, படிப்பை உயர்த்தியதா? ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். தீர்ப்பின் எல்லையையும் சொல்ல வேண்டும். அதே ஆண்டுகளில் ஊருக்கு ஊர் பள்ளிகள் திறந்தன, பேருந்து வசதி பெருகியது. ஆகவே சேர்க்கை கூடியதற்கான முழுப் பெருமையையும் சோற்றுக்கே கொடுக்க முடியாது. இந்த வரியை எழுதத் தயங்குகிறவர்கள்தான் அதிகம், திட்டத்தைக் குறை சொன்னதாகிவிடுமோ என்ற பயம்.

தம்பியிடம் ஒரு சோதனை செய்யச் சொன்னேன். கேள்வியை மறைத்துவிட்டு விடையை மட்டும் நண்பரிடம் கொடுத்து, என்ன கேட்டிருப்பார்கள் என்று சொல்லச் சொல்ல வேண்டும். மறுவாரம் அதே கேள்விக்குப் புதிதாக எழுதி வந்தார். வரலாறு இரண்டு வரியில் முடிந்திருந்தது. மூன்றாம் வரி, "இத்திட்டத்தை வருகை, ஊட்டம், கற்றல் என்ற மூன்று அளவில் பார்க்கலாம்" என்று தொடங்கியது.