ஸ்லைடின் தலைப்பைக் கேள்வியாக்கிப் படித்தால்

பரீட்சைக்கு முந்தைய நாள் ஆசிரியர் அனுப்பிய பிபிடியைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். விடைத்தாளில் எழுதப்போனால் இரண்டு வரிக்கு மேல் ஓடாது. ஸ்லைடு, பாடம் நடத்துகிறவர் தனக்காக வைத்துக்கொண்ட குறிப்பு. அவர் வாயால் சொன்ன ‘ஏன்’ அதில் இருக்காது; பரீட்சையில் கேட்பதோ அதைத்தான். அதனால் ஸ்லைடுகளைச் சுருக்கி எழுதாமல், தலைப்புகளைக் கேள்விகளாக மாற்றி எழுத வேண்டும்.

பொறியியல் மாணவர்கள் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸில் படிக்கும் டெட்லாக்கைப் பார்ப்போம். ஒரு புரோகிராம் பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு ஸ்கேனருக்குக் காத்திருக்கிறது. இன்னொன்று ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு பிரிண்டருக்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. இதற்கான ஸ்லைடில் ‘தேவையான நிபந்தனைகள்’ என்ற தலைப்பும் நான்கு பெயர்களும் மட்டும் இருக்கும்: மியூச்சுவல் எக்ஸ்குளூஷன், ஹோல்ட் அண்ட் வெய்ட், நோ ப்ரீஎம்ப்ஷன், சர்க்குலர் வெய்ட்.

பலரும் இதை ‘நிபந்தனைகள் யாவை?’ என்று மாற்றி நிறுத்திவிடுவார்கள். அது இரண்டு மதிப்பெண் கேள்வி. ஸ்லைடைப் பார்த்து எழுதினாலே விடை முடிந்துவிடுகிறது என்றால், கேள்வி போதவில்லை என்று அர்த்தம். பெரிய கேள்விக்கு ஸ்லைடுகளைச் சேர்க்க வேண்டும். டெட்லாக்கைத் தடுப்பது பற்றிய ஸ்லைடு சற்றுத் தள்ளி வரும். இரண்டையும் இணைத்தால், ‘நான்கில் ஒன்றை உடைத்தாலே டெட்லாக் வராது, ஏன்? ஒவ்வொன்றையும் உடைக்கும் வழிகளை விளக்குக’ என்ற 13 மதிப்பெண் கேள்வி கிடைக்கிறது. விடையில் உதாரணமும் வந்தாக வேண்டும்: பிரிண்டருக்கு 1, ஸ்கேனருக்கு 2 என்று எண் கொடுத்து, சிறிய எண்ணை முதலில் வாங்கியாக வேண்டும் என்று விதித்தால் சர்க்குலர் வெய்ட் உருவாகாது. இரண்டு புரோகிராம்களும் பிரிண்டருக்கே முதலில் வரும். கிடைக்காதது கையில் ஸ்கேனர் இல்லாமல் காத்திருக்கும்.

படம் உள்ள ஸ்லைடுகளில்தான் ஓட்டை அதிகம். எது எதற்குக் காத்திருக்கிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் வரைபடத்தின் அடியில் ‘சுழற்சி: டெட்லாக்’ என்று மட்டும் போட்டிருக்கும். அதை ‘சுழற்சி இருந்தால் டெட்லாக் உறுதியா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஸ்லைடில் விடை கிடைக்காது, பாடப்புத்தகத்தில் இருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு சாதனம் இருந்தால் உறுதி. இரண்டு பிரிண்டர்கள் இருந்து, அதில் ஒன்று சுழற்சியில் சேராத புரோகிராமிடம் இருந்தால், அது வேலை முடித்துத் திருப்பித் தரும்போது சிக்கல் அவிழ்ந்துவிடலாம்.

கேள்விகளை எழுதியபின் பழைய வினாத்தாள்களை எடுத்து, ‘விளக்குக’, ‘வேறுபடுத்துக’, ‘கணக்கிடுக’ ஆகியவற்றில் எது எந்தப் பகுதிக்கு வருகிறது என்று பார்த்துத் திருத்துங்கள். பேங்கர்ஸ் அல்காரிதம் பெரும்பாலும் கணக்காகவே வரும். அதற்கு விடையை எழுதி வைத்துப் படிப்பதில் பயனில்லை. கேள்விக்கு அடியில் ஸ்லைடின் அட்டவணையை எண்களை மாற்றி எழுதி, விடைக்கு வெற்றிடம் விட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.