மூன்று ரெஸ்யூமே, ஒரு மின்னஞ்சல்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் சீனியர் மெர்ச்சண்டைசர் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய பையருக்கான குழந்தைகள் ஆடை ஆர்டரை, சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை ஒருவரே பொறுப்பேற்று நடத்த வேண்டும். வந்த விண்ணப்பங்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டார் ஹெச்.ஆர். அதிகாரி. இனி மெர்ச்சண்டைசிங் மேனேஜருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். ‘மூவரும் நல்ல அனுபவசாலிகள், தெளிவாகப் பேசுகிறார்கள்’ என்று எழுதினால், மேனேஜர் மூன்று ரெஸ்யூமேயையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை போட்டு அனுப்புவதும் சரியல்ல. எதை வைத்து அந்த வரிசை என்பது அவருக்குத் தெரியாது.

நல்ல மின்னஞ்சல் வேலையின் சிக்கலில் தொடங்கும். இங்கே சிக்கல், சாம்பிள் ஒப்புதல் தாமதமாவது. அதை வைத்துப் பார்த்தால் மூவரும் மூன்று விதம்.

முதலாமவர் 8 ஆண்டுகளாகக் குழந்தைகள் ஆடையிலேயே இருக்கிறார். சேர்ந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுவார். ஆனால் ரெஸ்யூமேயில் ‘ஆர்டர்களைக் கையாண்டேன்’ என்றுதான் இருக்கிறது. இந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடக் கூடாது. தனியாகவா, குழுவோடா என்று போனில் கேட்டபோது, காஸ்டிங்கைத் தன் சீனியர்தான் பார்த்தார் என்றார். மின்னஞ்சலில் அந்த வரி இப்படி வர வேண்டும்: “காஸ்டிங் தனியாகச் செய்ததில்லை (போனில் அவரே சொன்னது). நேர்முகத்தில் ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை போடச் சொல்லிப் பாருங்கள்.” ரெஸ்யூமேயில் இருப்பது எது, விண்ணப்பதாரர் வாயால் சொன்னது எது, ஹெச்.ஆர். ஊகிப்பது எது என்று பிரித்துச் சொன்னால்தான் மேனேஜர் எதை நம்பலாம், எதைச் சோதிக்க வேண்டும் என்று முடிவெடுக்க முடியும்.

இரண்டாமவர் 5 ஆண்டுகள் துணித் தரக் கட்டுப்பாட்டில் இருந்துவிட்டு, 2 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசர். துவைத்தால் துணி ஏன் சுருங்குகிறது, சாயம் ஏன் மாறுகிறது என்பதைச் சாய ஆலை வரை போய்ப் பிடிப்பவர். பையரோடு நேரடியாகப் பேசிய பழக்கம் குறைவு.

மூன்றாமவர் பையிங் ஹவுஸிலிருந்து வருகிறார். பையர் எதற்காக சாம்பிளைத் திருப்பி அனுப்புவார் என்பது அவருக்கு அத்துப்படி. தையல் பிரிவை விரட்டி வேலை வாங்கிய அனுபவம் இல்லை. நோட்டீஸ் பீரியட் 90 நாள்.

வயது, திருமணம், சொந்த ஊர் போன்றவற்றுக்கு இந்த மின்னஞ்சலில் இடமில்லை. முன்பு வேலை பார்த்த நிறுவனம் பெரியது என்பதையும் தகுதியாக எழுதக் கூடாது. அங்கே அவர் செய்த வேலைதான் தகுதி.

கடைசியாக மேனேஜருக்கு ஒரே கேள்வி: “சாம்பிள் எங்கே நிற்கிறது?” துவைப்புச் சோதனையில் தோற்கிறது என்றால் இரண்டாமவரை முதலில் அழைக்கலாம். பையரின் குறிப்புகளைத் தப்பாகப் புரிந்துகொள்வதால் என்றால் மூன்றாமவரை. அப்போது, அந்த 90 நாளும் ஆர்டரை யார் பார்ப்பது என்பதையும் மேனேஜர் சொல்லியாக வேண்டும்.