‘இன்ஸ்டால் வேண்டாம், லிங்க்கைத் தொட்டாலே ஆப் திறக்கும்’ - நம்பலாமா?

கீழ் கோத்தகிரி மாதிரி, வளைவுக்கு வளைவு சிக்னல் மாறுகிற ஊரில் 60 எம்பி செயலியை இறக்குவது லேசான வேலை இல்லை. நொடிக்கு 1 மெகாபிட் வேகம் கிடைத்தால் 8 நிமிடம் ஆகும். அதுவே 15 எம்பி என்றால் 2 நிமிடம்தான். இந்தக் கணக்கை நம்பி வந்ததுதான் ‘இன்ஸ்டன்ட் ஆப்’.

அது எப்படி இயங்கியது?

2016-ல் கூகுள் இதை அறிவித்தது. லிங்க்கைத் தொட்டால், அந்த இணைய முகவரியும் செயலியும் ஒரே நிறுவனத்துடையவைதானா என்று போன் சரிபார்க்கும். பிறகு, தேவையான சின்னப் பகுதியை மட்டும் ப்ளே ஸ்டோர் வழியாக இறக்கி ஓட்டும். அளவு 15 எம்பி-யைத் தாண்டக் கூடாது. கேமரா, லொகேஷன் போன்றவற்றை நம்மிடம் கேட்டு வாங்கலாம். ஆனால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதியே கிடையாது.

இப்போது இருக்கிறதா?

ஆண்ட்ராய்டில் இல்லை. 2025 டிசம்பரோடு இந்த வசதியை கூகுள் நிறுத்திவிட்டது. ஐபோனில் 2020-ல் வந்த ‘ஆப் கிளிப்’ தொடர்கிறது. லிங்க்கையோ க்யூஆர் குறியீட்டையோ திறந்தால் கீழே ஒரு அட்டை வரும், ‘Open’ கொடுத்தால் இயங்கும். கொஞ்ச நாள் பயன்படுத்தாமல் விட்டால் தானாகவே அழிந்துவிடும்.

அப்போ ஆண்ட்ராய்டுக்கு வரும் லிங்க்?

பெரும்பாலும் அது சாதாரண இணையப் பக்கமாகவே இருக்கும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வருவோர் எடுக்கும் இ-பாஸ் அப்படித்தான். epass.tnega.org பக்கம் பிரவுசரிலேயே திறக்கும், எதையும் இறக்க வேண்டாம்.

சிக்கல் இன்னொரு வகையில்தான். ‘டிராஃபிக் அபராதம்’, ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வாட்ஸ்அப்பில் வருவது சில நேரம் `.apk` என முடியும் ஃபைலாக இருக்கும். அது குட்டிச் செயலி இல்லை, முழுச் செயலி. அதைத் திறந்தால், ‘தெரியாத செயலிகளை நிறுவ அனுமதி’ கொடுக்கச் சொல்லி போன் கேட்கும். உண்மையான இன்ஸ்டன்ட் ஆப் இதை ஒருபோதும் கேட்டதில்லை. அடுத்து எஸ்எம்எஸ் அனுமதி கேட்கும். அதையும் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி நேராக மோசடிக்காரர் கைக்குப் போய்விடும்.

தெரியாமல் நிறுவிவிட்டால்?

முதலில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு, அந்தச் செயலியை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்து, கணக்கில் பணப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.