நாத்தனார் கையில் மைக்

தோட்டத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்கு வேலை உண்டு, பேச்சு கிடையாது. மணப்பெண்ணுக்குப் பின்னால் விளக்கேந்தி நிற்பாள். அண்ணன் முதல் முடிச்சைப் போட்டதும் மிச்ச முடிச்சுகளை அவள் போடுவாள். கோலசிலாங்கூரிலிருந்து சுங்கை பஞ்சாங் வரைக்கும் தோட்டங்களில் அதுதான் வழக்கமாக இருந்தது. வாழ்த்திப் பேசக் கோயில் தலைவர் இருந்தார், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் இருந்தார். 1929 கடைசியில் பெரியார் மலாயா வந்துபோன பிறகு சீர்திருத்தத் திருமணங்களில் வாழ்த்துரையே சடங்கின் இடத்தைப் பிடித்தது. அந்த மேடையிலும் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்களே.

இன்று கல்யாணம் துண்டு துண்டாக நடக்கிறது. 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த திருமணச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. அதனால் பதிவு ஒரு நாள், கோயிலில் தாலி ஒரு நாள், மண்டபத்தில் இராவிருந்து வேறொரு நாள் என்றாகிவிட்டது. விருந்துக்கு ஐயரும் இல்லை, முறையும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் தங்கை மைக்கைப் பிடித்தாள். இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பலர் அந்த இடத்தை வீணாக்குகிறார்கள். அண்ணனின் பள்ளிக்காலக் குறும்புகளை அடுக்குகிறார்கள். பெண் வீட்டார் முகம் சுருங்குவது அவர்களுக்குத் தெரிவதில்லை. இன்னும் சிலர் நன்றிப் பட்டியல் வாசிக்கிறார்கள். சாப்பாடு காத்திருக்கிறது, மணமக்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் போதும்.

பால்மரம் வெட்டிய குடும்பத்துப் பெண் என்றால் இப்படிப் பேசலாம்:

“அம்மா, விடியுமுன் எங்களை எழுப்பி, சோறு கட்டி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவீர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் குறையும். அந்த மாதங்களிலும் அண்ணனின் பஸ் காசு நின்றதில்லை. அப்பா, ஓவர்டைம் செய்து எங்களைப் படிக்க வைத்தீர்கள். உங்கள் இருவருக்கும் நன்றி. அண்ணி, எங்கள் வீட்டுக்கு வாங்க. எங்கள் வழக்கமெல்லாம் உங்களுக்கு ஒரே நாளில் பழக வேண்டாம். உங்கள் வீட்டு வழக்கத்தையும் கொண்டு வாங்க. அண்ணன்மேல் கோபம் வந்தால் முதலில் எனக்குப் போன் பண்ணுங்க.”

நன்றியில் ‘தியாகம்’ என்ற சொல்லே வரவில்லை. பெரட்டும் பஸ் காசும் அதைச் சொல்லிவிட்டன. நடந்ததைச் சொன்னால் பெற்றோர் தங்களையே அதில் அடையாளம் காண்பார்கள். பெரிய வார்த்தை யார் வீட்டுக்கும் பொருந்தும். வரவேற்பில் புதுப்பெண் வயதில் இளையவளாக இருந்தாலும் ‘அண்ணி’, ‘வாங்க’ என்பதுதான் முறை. அவள் பக்கம் திரும்பி, அவளிடமே சொல்ல வேண்டும். ‘நம் வீட்டுக்கு ஏற்றபடி நடந்துகொள்ளுங்கள்’ என்ற தொனி வந்தால் அது வரவேற்பு ஆகாது, உத்தரவு ஆகிவிடும்.

இந்தப் பேச்சை மிகக் கவனமாகக் கேட்பவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள். மகள் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்பதற்கு அவர்களுக்குக் கிடைக்கும் முதல் சாட்சி நாத்தனாரின் வாய்ச்சொல். மைக்கைக் கொடுத்துவிட்டு நேரே அவர்கள் மேசைக்குப் போய், “சாப்பிட்டீங்களா, அத்தை?” என்று கேட்டுவிட்டு வந்தால் பேச்சு முழுமையாகும்.